பணம் கட்டுவதற்கு முன் ஒரு வாக்கியம்

(பிள்ளைச்சாவடியில் சிறுதொழில் செய்வோரும் பொறியியல் மாணவர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புதுச்சேரியிலிருந்து இங்கே வருவதற்குள் கோட்டக்குப்பத்தில் ஒரு தடவை தமிழ்நாட்டுக்குள் போய், பொம்மையார்பாளையம் தாண்டி மறுபடி புதுச்சேரிக்குள் நுழைந்தேன். இத்தனை எல்லை தாண்டி, சாயங்கால நேரத்து ஈ.சி.ஆர். நெரிசலில் ஏன் வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். என்னை அழைத்த நண்பர் போனில் சங்கத்தின் வரலாறு, விருந்தினர் பட்டியல், பொன்னாடை என்று எதுவுமே பேசவில்லை. "அண்ணே, எங்க ஆளுங்க நாலு பேர் கண்காட்சியில ஸ்டால் போட அடுத்த வாரம் பணம் கட்டப் போறாங்க. கட்டறதுக்கு முன்னாடி வந்து பேசிடுங்க" என்றார். அவ்வளவுதான். வராமல் இருக்க முடியவில்லை.

நான் இன்று பேசப் போவது அந்த மாதிரி ஒரு வரியைப் பற்றித்தான். கண்காட்சிக்கு முன்னால், நம்மிடம் வாங்கக்கூடியவர் என்று நாம் நினைக்கிற ஒருவருக்கு, "எங்கள் ஸ்டாலுக்கு வாருங்கள்" என்று அனுப்புகிற மெயில். அதில் அவர் வருவதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று.

இந்த ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. கடலிலிருந்து திரும்பும் படகு கரைக்கு வருவதற்கு முன்பே வியாபாரிக்குப் போன் போய்விடும். "வஞ்சிரம் இருக்கு, இவ்வளவு, இங்கே கரை ஏத்துறோம்." படகு எந்த வருஷம் வாங்கியது, இன்ஜின் எத்தனை குதிரைத்திறன் என்றெல்லாம் அந்தப் போனில் யாரும் சொல்ல மாட்டார்கள். வியாபாரி வண்டியை எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய என்ன வேண்டுமோ அது மட்டும் இருக்கும். அதே வீட்டுப் பிள்ளை படித்து, சேதராப்பட்டில் பட்டறை வைத்து, சென்னை நந்தம்பாக்கத்துக் கண்காட்சியில் ஸ்டால் போட்டால் மெயிலில் என்ன எழுதுகிறான்? "எங்கள் நிறுவனம் தரத்துக்கும் நம்பகத்துக்கும் பெயர் பெற்றது. எங்கள் ஸ்டாலுக்கு வருகை தந்து சிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்." சிறப்பிப்பதற்கு அவர் என்ன நம் வீட்டுக் கல்யாணத்துக்கா வருகிறார்?

கல்யாணம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அச்சடித்த பத்திரிகையில் எல்லாருக்கும் பொதுவாகத்தான் எழுதுவோம். ஆனால் பெரிய மாமா வீட்டுக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைக்கும்போது, "மாமா, பந்தக்காலுக்கு நீங்க வந்து கை வச்சாத்தான் ஆரம்பிப்போம்" என்கிறோம். பத்திரிகையில் இல்லாத காரணம், அவருக்கு மட்டுமே உரிய காரணம். மாமாவை அழைத்து வருவது அந்த வாய்வார்த்தைதான். நம் கண்காட்சி மெயில்களில் பெரும்பாலானவை பத்திரிகையைத் தபாலில் போட்டுவிட்டு மாமா வரவில்லையே என்று வருத்தப்படுகிற ரகம்.

இந்த வகை மெயிலுக்கு ஒரு முன்கதை உண்டு. கொஞ்சம் வேடிக்கையான கதை.

1978 மே மாதம். இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்ப்பாநெட் அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருக்கிறது. அரசு ஆராய்ச்சிக்கான வலை அது, வியாபாரத்துக்கு இடமில்லை. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தில் சந்தைப்படுத்தல் பிரிவில் இருந்த கேரி தூர்க் என்பவர், மேற்குக் கரையில் இருந்த ஏறக்குறைய நானூறு பேருக்கு ஒரே மெயிலை ஒரே நேரத்தில் அனுப்பினார். முகவரிகளை அர்ப்பாநெட்டின் அச்சடித்த முகவரிப் புத்தகத்திலிருந்து எடுத்தார்கள். அத்தனை முகவரியையும் "To" என்ற இடத்தில் போட்டதால் அது நிரம்பி வழிந்து, மிச்ச முகவரிகள் கடிதத்தின் உடலுக்குள் போய் விழுந்தன. ஒரே களேபரம். வலையை நிர்வகித்தவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். ஸ்பாம் என்று இன்று நாம் சொல்கிற தொல்லை மெயிலில் முதலாவது என்று இதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

அந்த மெயில் எதைப் பற்றியது தெரியுமா? நிகழ்ச்சிக்கு முன் அனுப்பிய அழைப்பு. மே 9ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸிலும் 11ஆம் தேதி சான் மடேயோவிலும் புதிய டெக்சிஸ்டம்-20 வகை கணினிகளைக் காட்டப் போகிறோம், வந்து பாருங்கள் என்று அழைப்பு. ஆக உலகத்தின் முதல் ஸ்பாமே இன்று மாலை நாம் பேசுகிற சரக்குதான்!

திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த மெயிலைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால், எழுத்தில் அவர்கள் செய்த வேலை மோசமில்லை என்று தெரியும். தேதி, மணி, எந்த ஓட்டல், விமான நிலையத்திலிருந்து எந்தப் பக்கம் என்பதெல்லாம் தெளிவாக இருக்கிறது. அதைவிட முக்கியம், கணினி ஒன்று அங்கேயே இருக்கும், அர்ப்பாநெட் வழியாக மற்ற டெக்சிஸ்டம்-20 கணினிகளோடு இணைந்த முனையங்களும் இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். படித்தவர்கள் அனைவரும் அர்ப்பாநெட்டில் வேலை செய்கிறவர்கள். ஒரு கணினி அந்த வலையோடு ஒத்துழைக்குமா என்பது அவர்களுடைய அன்றாடக் கவலை. அதை விளம்பரத் தாளில் படித்து நம்ப முடியாது. முனையத்தின் முன்னால் உட்கார்ந்து தட்டிப் பார்த்தால்தான் தெரியும். காரணம் அருமையான காரணம். கெட்டது பட்டியலும் அனுப்பிய விதமும். பல மில்லியன் டாலருக்கு விற்பனை ஆனது என்று தூர்க் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்; விற்பனைக்காரர் சொன்ன கணக்கு என்பதால் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். என்றாலும் ஆட்கள் வந்தார்கள்.

இன்று நமக்கு நேர்வது தலைகீழ். அனுப்புகிற வசதி எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. காரணம்தான் இல்லை.

சரி, ஒரு உதாரணத்தை எடுத்து முழுதாகச் செய்து பார்ப்போம். சேதராப்பட்டில் ஒரு சிறு பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பர் எடுக்கிற சின்ன மெஷின் ஒன்று செய்கிறார்கள். மாணவர்களுக்காகச் சொல்கிறேன்: இரும்பில் துளை போட்டால் ட்ரில் வெளியே வரும் ஓரத்தில் பிசிறு நிற்கும், அதுதான் பர். வெளியே தெரிகிற பர் பெரிய பிரச்சினை இல்லை. அரம் போட்டுத் தேய்த்துவிடலாம். ஹைட்ராலிக் வால்வு பாடி மாதிரி ஜாப்பில் ஒரு துளைக்குள் இன்னொரு துளை குறுக்கே போய்த் திறக்கும். அந்தச் சந்திப்பில் நிற்கிற பர் உள்ளே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கம்பியை வளைத்து உள்ளே விட்டுக் கையால் சுரண்டுவார்கள். எடுத்தாச்சு என்று நினைப்பார்கள். வால்வு வண்டியில் ஏறி, எண்ணெய் அழுத்தத்தோடு ஓடும்போது மிச்சம் நின்ற பர் உடைந்து, உள்ளே நகரும் ஸ்பூலுக்கும் துளைச் சுவருக்கும் நடுவில் போய் மாட்டும். அந்த இடைவெளி சில மைக்ரான்தான். ஸ்பூல் பிடித்துக்கொள்ளும். வால்வு திரும்பி வரும், கூடவே வாடிக்கையாளரின் கோபமும்.

நம் பட்டறைக்காரர் செய்யும் மெஷின், உராய்வுத் துகள் கலந்த நைலான் பிரஷ்ஷைத் துளைக்குள் சுழல விட்டு அந்த உள் பர்ரை எடுக்கிறது. சென்னை டிரேட் சென்டரில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம் நடத்துகிற ஆக்மி கண்காட்சியில் ஸ்டால் போடப் போகிறார். அழைக்க நினைப்பது, வால்வு பாடி செய்யும் ஒரு கம்பெனியின் புரொடக்‌ஷன் மேனேஜரை. முதலில் அவர் எழுதியது இது:

"அன்புடையீர், வரவிருக்கும் ஆக்மி கண்காட்சியில் நாங்கள் பங்கேற்கிறோம் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். டீபர்ரிங் மெஷின், ஸ்பெஷல் பர்பஸ் மெஷின், ஃபிக்ஸ்சர், ஆட்டோமேஷன் ஆகிய எங்கள் எல்லாத் தயாரிப்புகளும் காட்சிக்கு வைக்கப்படும். கண்காட்சிச் சலுகையும் நினைவுப் பரிசும் உண்டு. இணைப்பில் எங்கள் கேட்டலாக். தங்கள் மேலான வருகையை எதிர்நோக்கும்…"

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் மேனேஜர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர் கண்காட்சிக்கு வருவது ஒரே ஒரு நாள். கிளம்புவதற்குள் ஷிஃப்ட்டில் இரண்டு பிரச்சினை வந்திருக்கும். மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் தொழிற்சாலையிலிருந்து போன் வர ஆரம்பிக்கும். ஹால் ஹாலாக ஸ்டால்கள். பார்த்தே ஆக வேண்டியது என்று அவர் மனசில் நான்கைந்துதான் இருக்கும். இந்த மெயில் அந்த நான்கைந்தில் ஏறுவதற்கு எதையும் தரவில்லை. கேட்டலாக் இணைப்பில் வந்துவிட்டது, அப்புறம் எதற்கு நேரில் வருவது? நினைவுப் பரிசு என்றால் சாவிக்கொத்து என்று அவருக்குத் தெரியும். சலுகை என்றால் பேரம். அது பர்ச்சேஸ்காரர் வேலை.

காரணம் எப்படிக் கண்டுபிடிப்பது? நான் கேட்கச் சொல்வது இந்தக் கேள்வியை: அவர் வராவிட்டால், போனிலோ வீடியோவிலோ கேட்டலாக்கிலோ கிடைக்காதது எது? அது அந்த ஸ்டாலில் மட்டும் நடக்கக்கூடியதாக, அவருடைய சொந்தத் தலைவலியைத் தொடுவதாக இருக்க வேண்டும். பட்டறைக்காரரிடம் இதைக் கேட்டால் முதலில் "எங்க மெஷின் ஓடுறதைப் பாக்கலாமே" என்பார். போதாது. மெஷின் ஓடுவதை வீடியோவிலும் பார்க்கலாம். அதிலும் நாம் ஓட்டிக் காட்டுவது நமக்கு வசதியான ஜாப். பர்ரே இல்லாத ஜாப்பைப் போட்டுக்கூடக் காட்டலாம், யார் கண்டது? மேனேஜர் மனசில் இருக்கும் கேள்வி "என் ஜாப்பில் எடுக்குமா?" என்பதுதான். அப்படியானால் அவருடைய ஜாப்பையே அவர் கொண்டு வரட்டும். அவர் கண் முன்னால் போடுவோம்.

வாக்கியம் கிடைத்துவிட்டது. இப்போது மெயில் இப்படி ஆகிறது. நீங்கள் ஆங்கிலத்தில் அனுப்புவீர்களோ தமிழிலோ, அது அவரவர் வழக்கம். தலைப்பு வரி: "உங்கள் வால்வு பாடி 2 கொண்டு வாருங்கள் – ஆக்மி, ஸ்டால் எண்…"

"வணக்கம் சார். உங்கள் கம்பெனி வால்வு பாடி செய்வதால் இதை எழுதுகிறேன். ஸ்பூல் துளைக்குள் குறுக்குத் துளை திறக்கும் இடத்தில் நிற்கும் பர்ரை எடுக்க நாங்கள் ஒரு மெஷின் செய்கிறோம். பர் எடுக்காத பீஸ் இரண்டு கொண்டு வாருங்கள். முதலில் போர்ஸ்கோப்பில் உள்ளே எப்படி இருக்கிறது என்று திரையில் பார்ப்போம். பிறகு உங்கள் முன்னாலேயே ஒன்றை மெஷினில் போட்டு, மறுபடி பார்ப்போம். மொத்தம் 15 நிமிடம். இரண்டு பீஸையும் நீங்களே திருப்பி எடுத்துப் போகலாம்; போட்டோ எடுக்க மாட்டோம். வேறு காரணத்தால் ரிஜெக்ட் ஆன பீஸாக இருந்தாலும் போதும். வியாழன் 11 மணி அல்லது வெள்ளி 3 மணி, எது வசதி? ஒரு வரி பதில் போட்டால் அந்த நேரத்தில் மெஷினை உங்களுக்காக ஒதுக்கி வைக்கிறேன்."

கீழே பெயர், போன் நம்பர், ஹால், ஸ்டால் எண். முடிந்தது. இணைப்பு எதுவும் இல்லை. ஃபிக்ஸ்சரும் ஆட்டோமேஷனும் எங்கே போயின என்று பட்டறைக்காரர் சண்டைக்கு வருவார். அவை ஸ்டாலிலேயே இருக்கும், வந்தவர் கண்ணில் படும். ஆளை உள்ளே வரவைக்கும் கதவு ஒன்று போதும்.

இந்த மெயிலில் சில சின்ன வார்த்தைகளைக் கவனியுங்கள். "ரிஜெக்ட் ஆன பீஸ் போதும்", "போட்டோ எடுக்க மாட்டோம்." தொழிற்சாலைக்குள் வேலை செய்தவர்களுக்கு உடனே புரியும். மேனேஜராகவே இருந்தாலும் ஒரு ஜாப்பைப் பையில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்ட முடியாது. கேட் பாஸ் போட வேண்டும். திரும்பி வரும் பொருள் என்று எழுதி வாங்க வேண்டும். அந்த வால்வின் டிராயிங் அவருடைய வாடிக்கையாளருடையது. வெளியாருக்குக் காட்டக்கூடாது என்று ஒப்பந்தம் இருக்கலாம். இந்த இரண்டு தடையையும் நாமே நினைத்து எழுதிவிட்டால், இவனுக்கு நம் வேலை தெரியும் என்று அவருக்குப் படும். எழுதாவிட்டால் வர விரும்பியும் வராமல் போவார், ஏன் என்று நமக்குச் சொல்லவும் மாட்டார்.

கேட் பாஸ் விஷயம் இன்னொன்றையும் தீர்மானிக்கிறது: மெயில் எப்போது போக வேண்டும் என்பதை. கண்காட்சிக்கு மூன்று நாள் முன்னால் போனால் பீஸ் எடுத்துவர நேரமில்லை. மூன்று வாரம் முன்பு போனால் அவர் ஷாப் ஃப்ளோரில் சொல்லி, பர் எடுக்காத பீஸ் இரண்டைத் தனியாக வைக்கச் சொல்வார். ஆகவே எத்தனை நாள் முன்னால் என்பதற்குப் பொது விதி தேடாதீர்கள். நீங்கள் கேட்கிற காரியத்தைச் செய்ய அவருக்கு எத்தனை நாள் வேண்டும் என்று எண்ணுங்கள். அதற்கு மேல் ஒரு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். பதில் வராதவர்களுக்கு ஒரே ஒரு நினைவூட்டல் போதும். முதல் மெயிலுக்கே பதிலாகப் போட்டு, அதே காரணத்தை இரண்டு வரியில் சொல்லுங்கள். புதுக் காரணம் கண்டுபிடிக்க வேண்டாம். பழைய காரணத்தில் உங்களுக்கே நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும். வருகிறேன் என்றவர்களுக்கு மட்டும் முந்தின நாள் வாட்ஸ்அப்பில் ஹால், ஸ்டால் எண், நேரம், ஆலந்தூர் மெட்ரோவில் இறங்கினால் அங்கிருந்து ஆட்டோ என்ற தகவல். முதல் மெயில் அனுப்பும்போது ஸ்டால் எண் இன்னும் உறுதியாகவில்லை என்றால், குத்துமதிப்பாகப் போடாதீர்கள். எண் மாறியதால் வேறு ஹாலில் சுற்றிவிட்டு அப்படியே வீட்டுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது நான் கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய இடம். ஒரு கண்காட்சிக்கு நானே இப்படி ஒரு மெயில் எழுதினேன். உங்கள் ஜாப் கொண்டு வாருங்கள், போட்டுக் காட்டுகிறோம் என்று. ஓசூரிலிருந்து ஒருவர் மஞ்சப் பையில் இரண்டு பீஸைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு சரியாகப் பதினொரு மணிக்கு வந்து நின்றார். எங்கள் மெஷினுக்குக் காற்று வேண்டும். ஸ்டாலில் கம்ப்ரெஸ்டு ஏர் இணைப்பு வேண்டுமென்றால் அமைப்பாளர்கள் தருகிற படிவத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துப் பணம் கட்ட வேண்டும்; கடைசி நாள் தாண்டினால் கிடைக்காது. மின்சாரமும் அப்படித்தான், எத்தனை கிலோவாட், சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா என்று முன்பே சொல்ல வேண்டும். கரண்டுக்குச் சொல்லியிருந்தேன். காற்றுக்குச் சொல்லவில்லை. மெயில் எழுதியவன் நான், படிவம் பூர்த்தி செய்தவன் வேறு பையன். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. வந்தவருக்குக் காபி கொடுத்தோம். அவர் கோபப்படவில்லை, "பரவாயில்லை சார், அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார். அடுத்த தடவை அவர் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் வேலையின் வரிசையை மாற்றிக்கொண்டேன். மெயிலைத்தான் முதலில் எழுதுகிறேன், ஸ்டாலுக்குப் பணம் கட்டுவதற்கும் முன்னால். ஏனென்றால் ஸ்டாலில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அந்த மெயில்தான் சொல்கிறது. வால்வு பாடி மெயிலையே எடுத்துக்கொள்ளுங்கள்: காற்று வேண்டும், போர்ஸ்கோப்பும் திரையும் வேண்டும், வால்வு பாடியைப் பிடிக்க இரண்டு மூன்று அளவில் தாடை வேண்டும், கழுவித் துடைக்கத் துணி வேண்டும், ஓட்டுகிற ஆள் பதினொரு மணிக்குச் சாப்பிடப் போயிருக்கக்கூடாது. மூன்றுக்கு மூன்று மீட்டர் இடத்தில் இத்தனையும் வைத்தால் மூன்று பேர் நிற்கலாம். அப்புறம் ஃபிக்ஸ்சருக்கும் ஆட்டோமேஷனுக்கும் இடம் எங்கே? கிடையாது. சுவரில் ஒரு படம் மாட்டுங்கள், போதும்.

எத்தனை பேருக்கு எழுதுவது என்பதும் இதே கணக்கில் வருகிறது. காலை பத்து முதல் மாலை ஆறு வரை எட்டு மணி நேரம். ஒருவருக்குப் பதினைந்து நிமிஷம், துடைத்து எடுத்துவைக்க ஐந்து நிமிஷம். இடைவிடாமல் செய்தாலும் ஒரு நாளைக்கு 24 பேர். ஆனால் தாமதமாக வருகிறவர் இருப்பார், அழைக்காமல் நடந்து வருகிறவர் இருப்பார். அதனால் பாதியைக் காலியாக விடுங்கள். 12 பேர். ஐந்து நாள் என்றால் 60. நான்கு பேருக்கு எழுதினால் ஒருவர் வருவார் என்று வைத்துக்கொண்டால் 240 மெயில். இது ஒரு வாரத்தில் ஒவ்வொன்றாக, அந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்று பார்த்து, கையால் எழுதி முடிக்கிற எண்ணிக்கை. ஐயாயிரம் முகவரி எதற்கு? ஐயாயிரத்துக்கு அனுப்பி முந்நூறு பேர் ஜாப்போடு வந்து நின்றாலும் ஆபத்துதான்.

ஸ்டால் பதிவு செய்த சில நாளில் உங்களுக்கு ஒரு மெயில் வரும்: "இந்தக் கண்காட்சிக்கு வரும் பார்வையாளர்களின் முழுப் பட்டியல், மெயில் முகவரியோடு, விற்பனைக்கு." வாங்காதீர்கள். பெரும்பாலும் அமைப்பாளர்களுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே இருக்காது. எங்கோ திரட்டிய முகவரிகள், பாதி செத்தவை. நல்ல பட்டியல் உங்களிடமே இருக்கிறது: போன வருஷம் விலை கேட்டு வாங்காமல் போனவர்கள், உங்கள் பிரஷ் சப்ளையர் சரக்குப் போடுகிற கம்பெனிகள், அந்தத் தொழில் சங்கத்தின் உறுப்பினர் புத்தகம். விலை கேட்டுப் போனவர்தான் முதல் இடம். அவருக்கு எழுதும்போது, "போன வருஷம் நீங்கள் கேட்டபோது எங்களால் காட்ட முடியவில்லை" என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

தொழில்நுட்பமாக ஒன்றே ஒன்று சொல்லி நகர்கிறேன், ஏனென்றால் இது சரியாக இல்லாததால் நல்ல மெயில்கூட ஸ்பாம் பெட்டிக்குள் விழுகிறது. கம்பெனி டொமைன் பெயரில் மெயில் அனுப்புகிறீர்கள் என்றால், இந்த மெயிலை உண்மையிலேயே நீங்கள்தான் அனுப்பினீர்கள் என்று காட்ட எஸ்.பி.எஃப்., டி.கிம் என்ற இரண்டு பதிவுகள் டொமைனில் இருக்க வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் கறாராக இருக்கிறது. இரண்டில் ஒன்றாவது எல்லாருக்கும் கட்டாயம். சரிபார்ப்பது சுலபம். உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பி, அதைக் கணினியில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் "Show original" தட்டுங்கள். SPF, DKIM இரண்டுக்கும் எதிரே PASS என்று இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் உங்களுக்கு இணையதளம் செய்து கொடுத்த தம்பியைக் கூப்பிடுங்கள்.

எத்தனை பேர் மெயிலைத் திறந்தார்கள் என்று காட்டுகிற மென்பொருள்களை நான் நம்புவதில்லை. 2021லிருந்து ஆப்பிள் மெயில் செயலி, பயனர் அதிலுள்ள தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியிருந்தால், மெயிலில் உள்ள படங்களை அவர் படிக்கிறாரோ இல்லையோ தானே இறக்கி வைத்துக்கொள்கிறது. படம் இறங்கினாலே திறந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். நான் எண்ணுவது இரண்டு: எத்தனை பேர் பதில் போட்டார்கள், எத்தனை பேர் கையில் பீஸோடு வந்தார்கள். பதில் நிறைய, வந்தவர் குறைவு என்றால் காரணம் சரி, நாம் கேட்ட காரியம் கஷ்டம். ஏதோ ஒரு கேட் பாஸ் குறுக்கே நிற்கிறது, போன் போட்டுக் கேளுங்கள். பதிலே இல்லை என்றால் காரணம் தப்பு, அல்லது ஆள் தப்பு. இருபது பேருக்கு முதலில் அனுப்பி ஒரு வாரம் காத்திருந்தால் இது தெரிந்துவிடும். மிச்சம் 220 பேருக்குப் போவதற்குள் வாக்கியத்தைத் திருத்தலாம். எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்பிவிட்டால் திருத்த யாரும் மிச்சமில்லை.

பேச்சு முடிந்ததும் கேள்வி கேட்கலாம் என்றார்கள். ஆனால் நான் மேடை ஏறும் முன்பே ஒரு தம்பி கேட்டுவிட்டார். அதற்குப் பதில் சொல்லிவிட்டு உட்காருகிறேன். "அண்ணே, நாங்க டர்னிங் ஜாப் ஒர்க்தான் செய்யறோம். சொந்தமா மெஷின் எதுவும் செஞ்சு விக்கறதில்ல. மத்தவங்க செய்யறதையேதான் செய்யறோம், விலை கொஞ்சம் கம்மி. எங்க மெயில்ல என்ன காரணம் எழுதறது?"

தம்பி, உங்கள் விலை குறைவு என்பதைப் போனிலேயே சொல்லிவிடலாம். அதற்காக ஒருவர் நந்தம்பாக்கம் வர வேண்டாம். இந்தத் தடவை பணம் கட்டாதீர்கள். பார்வையாளராகப் போங்கள். ஒரு நாள் முழுக்க நடங்கள். உங்களுக்கு ஜாப் கொடுக்கக்கூடிய கம்பெனிகளின் ஸ்டாலில் நின்று, அவர்களுடைய ஜாப்பைக் கையில் எடுத்துப் பார்த்து, "இதுல உங்களுக்கு எது திரும்பி வருது?" என்று மட்டும் கேளுங்கள். சொல்வார்கள், தலைவலியைப் பற்றிக் கேட்டால் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். ராத்திரி பாண்டிச்சேரி பஸ்ஸில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னார் என்று போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்றுக்கு உங்கள் லேத்தில் பதில் இருந்தால், இரண்டு வருஷம் கழித்து வரும் கண்காட்சி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அடுத்த திங்கட்கிழமையே அந்த ஜாப் ஒன்றை வாங்கி, செய்து, எடுத்துக்கொண்டு அவர் வாசலுக்கே போய்விடலாம்.